பள்ளி நேரத்தில் பிள்ளையைக் காணவில்லையா? முதல் அரை மணி நேரத்தில் நடக்கும் தவறுகள்

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் ஒரு நாள். மதியச் சாப்பாடு முடிந்து 1.20-க்கு ஐந்தாவது பீரியட். நாலாம் வகுப்பில் 32 பேர் இருக்க வேண்டும், 31 பேர்தான் இருந்தார்கள். "பாத்ரூம் போயிருப்பான் மிஸ்" என்றது ஒரு குரல். பாடம் தொடர்ந்தது. இரண்டு மணிக்கு ஆறாவது பீரியட் டீச்சர் வந்து அதே கேள்வியைக் கேட்டபோதுதான் என் அறைக்குத் தகவல் வந்தது. அதற்குள் நாற்பத்தைந்து நிமிடம் போய்விட்டது.

அடுத்த தவறு என்னுடையது. அம்மாவிடம் உடனே சொல்லவில்லை. "முதலில் நாமே தேடிப் பார்ப்போம், வீணாகப் பயமுறுத்த வேண்டாம்" என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், பள்ளிக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. 2.40 வரை தேடிவிட்டுப் போன் செய்தேன். அம்மா ஒரே வரியில் சொன்னார்: "நேத்து ராத்திரி முழுக்க அம்மாச்சி வீட்டுக்குப் போறேன்னு அழுதான் சார்." நாங்கள் முப்பத்தைந்து நிமிடம் அலைந்து தேடிய பதில் அவரிடம் இருந்தது. பிள்ளை எங்கே போகும் என்று பள்ளிக்குத் தெரியாது, வீட்டுக்குத் தெரியும்.

அதனால் தேடலும் போனும் ஒன்றாகவே தொடங்க வேண்டும். சுற்றிவளைத்து "பையன் வீட்டுக்கு வந்தானா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடக் கூடாது. "அம்மா, ஸ்கூல்ல இருந்து ஹெச்எம் பேசுறேன். லஞ்ச் முடிஞ்சு தம்பி க்ளாஸுக்கு வரல. தேடிக்கிட்டிருக்கோம். வீட்ல இருந்து யாராவது வந்து கூட்டிட்டுப் போனாங்களா? போறதுக்கு இடம் ஏதாவது இருக்கா?" இவ்வளவு போதும். இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்: வீட்டில் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். எல்லோரும் பள்ளிக்கு ஓடி வந்துவிட்டால், பிள்ளை வீட்டுக்குப் போகும்போது கதவு பூட்டியிருக்கும்.

தேடுவதிலும் ஒரு குழப்பம் உண்டு. எல்லா ஆசிரியர்களும் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள், ஒரே கழிப்பறையை நான்கு பேர் பார்ப்பார்கள். கேட்டில் நிற்கும் வாட்ச்மேனும் தேடப் போய்விடுவார். அந்த நேரத்தில் பிள்ளை வெளியே நடந்து போனாலும் பார்க்க ஆள் இருக்காது. கேட்டில் நிற்பவர் நகரக் கூடாது. மற்றவர்களுக்கு இடத்தைப் பிரித்துக் கொடுத்து, பார்த்து முடித்ததும் வந்து சொல்லச் சொல்ல வேண்டும். வகுப்புகளை ஆளில்லாமல் விடக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் உள்ள இடங்கள்: கிணறு, சம்ப், செப்டிக் டேங்க் மூடி. அடுத்து மொட்டைமாடி. பிறகு பள்ளி வேன். காலையில் சீட்டிலேயே தூங்கிப்போன சின்னப் பிள்ளையைக் கவனிக்காமல் வண்டியைப் பூட்டிவிட்டுப் போவது உண்டு. வெயிலில் நிற்கும் வேன் என்றால் அது உயிர்ப் பிரச்சினை. காலையிலிருந்தே வராத பிள்ளையை "இன்று ஆப்சென்ட்" என்று குறித்து முடித்துவிடாமல் வீட்டுக்கு ஒரு போன் செய்ய வேண்டியதும் இதனால்தான்.

தேடல் நடக்கும்போதே ஒருவர் மட்டும் உட்கார்ந்து, "கடைசியாக யார் பார்த்தது, எத்தனை மணிக்கு?" என்று கேட்டு எழுத வேண்டும். பக்கத்தில் உட்காரும் பையன், சத்துணவு ஆயா, வாட்ச்மேன் மூவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கூட்டமாகக் கேட்டால் ஒருவர் சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள். எங்கள் கேட் கேமராவில் 12.41-க்கு அவன் வெளியே போவது பதிவாகியிருந்தது. ஆனால் ஆயா 12.45-க்கு அவனுக்குச் சாப்பாடு போட்டதாக உறுதியாகச் சொன்னார். பிறகுதான் கவனித்தோம், டிவிஆர் பெட்டியின் கடிகாரம் ஒன்பது நிமிடம் பின்தங்கியிருந்தது. 12.50 என்று திருத்தியதும் சங்கதி பொருந்தியது. சத்துணவுக் கூடத்துக்கு கேஸ் சிலிண்டர் வந்த ஆட்டோவுக்காகக் கேட்டைத் திறந்திருக்கிறார்கள், அதன் பின்னாலேயே வெளியேறியிருக்கிறான். கேமராவைப் பார்ப்பதற்கு முன் திரையில் உள்ள நேரத்தையும் கைப்பேசி நேரத்தையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வளாகத்தை ஒருமுறை முழுமையாகப் பார்க்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். கிடைக்கவில்லை என்றால், அல்லது வெளியே போனது தெரிந்துவிட்டால், உடனே 112. குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லலாம். "24 மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள்" என்பது இன்னும் பலர் நம்பும் பொய். குழந்தை காணாமல் போன புகார் எதுவானாலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே உத்தரவிட்டது. சம்பவ இடம் எங்கள் எல்லையில் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் கூடாது. எந்த நிலையத்திலும் பதிந்து, உரிய நிலையத்துக்கு மாற்றுவது அவர்கள் வேலை. மனு ரசீது மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாமல் எஃப்ஐஆர் நகலைக் கேளுங்கள்.

அறிவிப்பில் நடக்கும் தவறுகள் தனி ரகம். அட்மிஷனில் ஒட்டிய போட்டோவைப் போடுவார்கள். அதில் பிள்ளைக்கு மூன்று வயது குறைவாக இருக்கும். அம்மாவின் போனில் போன வாரம் எடுத்த படம் இருக்கும், அதைக் கேளுங்கள். "நீல டவுசர், வெள்ளைச் சட்டை" என்று மட்டும் எழுதினால் அந்த ஊரில் முந்நூறு பிள்ளைகளுக்குப் பொருந்தும். அம்மாவின் கைப்பேசி எண்ணைப் போட்டுவிட்டால், "பிள்ளை என்னிடம் இருக்கிறது, பணம் அனுப்பு" என்று ஏமாற்றுபவர்கள் கூப்பிடுவார்கள். உண்மையான தகவலோடு கூப்பிடுபவருக்கு லைன் கிடைக்காது. படத்தை வெளியிடலாமா என்பதைப் போலீஸிடமும் பெற்றோரிடமும் கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஆளாளுக்கு ஒன்று எழுதாமல் ஒரே அறிவிப்புதான் போக வேண்டும். கிட்டத்தட்ட இப்படி:

"காணவில்லை. (பெயர்), வயது 9. (தேதி) மதியம் 12.50-க்கு (பள்ளி) வாசலில் கடைசியாகக் காணப்பட்டான். உயரம் சுமார் 4 அடி, மாநிறம், இடது புருவத்தில் தழும்பு, முன்பல் ஒன்று இல்லை. வெள்ளைச் சட்டை, நீல டவுசர், சிவப்பு ரப்பர் செருப்பு. பை இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பேசுவான். பார்த்தால் அவனுடனேயே இருந்து தகவல் சொல்லவும்: (காவல் நிலைய எண்), 112, 1098. வெளியிட்ட நேரம்: 2.55."

தேதியும் நேரமும் இல்லாத அறிவிப்பு மூன்று வருடம் கழித்தும் வாட்ஸ்அப்பில் சுற்றும். பிள்ளை கிடைத்ததும் அனுப்பிய குழுக்களிலெல்லாம் பழைய பதிவை நீக்கிவிட்டு, "கிடைத்துவிட்டான், யாரும் பகிர வேண்டாம்" என்று மட்டும் போடுங்கள். அதில் பெயரும் படமும் வேண்டாம். எங்கே, ஏன் போனான் என்பது ஊருக்குத் தேவையில்லாதது.

எங்கள் பையன் 3.20-க்குக் கிடைத்தான். அம்மா ஊர்ப் பெயரைச் சொன்னதும் பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பரிடம் பேசினோம். 1.10 டவுன் பஸ்ஸின் கண்டக்டர், சீருடையில் தனியாக ஏறிய பையனை ஞாபகம் வைத்திருந்தார். அம்மாச்சி வீடு பூட்டியிருந்ததால் திண்ணையில் உட்கார்ந்திருந்தான்.

அவனைக் கூட்டி வந்ததும் ஒரு ஆசிரியர் கையை ஓங்கினார், நான் தடுத்தேன். மறுநாள் பிரேயரில் நிறுத்தி எச்சரிக்க வேண்டும் என்றும் ஒரு யோசனை வந்தது, அதுவும் வேண்டாம் என்றேன். போலீஸுக்கும் 1098-க்கும் கிடைத்த தகவலைச் சொல்லிவிட்டு, அவன் அம்மாவையும் வகுப்பு டீச்சரையும் மட்டும் வைத்துக்கொண்டு பேசினேன். புது வாட்டர் பாட்டிலைத் தொலைத்திருக்கிறான், வீட்டில் அடி விழும் என்று பயம். மறுநாளிலிருந்து 1.20 மணிக்கு ஒவ்வொரு வகுப்பிலும் தலையை எண்ணிச் சீட்டில் எழுதி என் மேஜைக்கு அனுப்பும் வழக்கம் வந்தது. சிலிண்டர் ஆட்டோ மூன்றரை மணிக்கு மேல்தான் வரலாம் என்றும் சொல்லிவிட்டோம்.