அக்கா பிள்ளையைத் தத்தெடுக்கும்போது பத்திரத்துக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

சொந்தத்தில் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நேராகப் போவது சார்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான். பத்திர எழுத்தர் தத்துப் பத்திரம் எழுதித் தருவார், சாட்சிகள் கையெழுத்துப் போடுவார்கள், ஆவண எண் கிடைக்கும், வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஆனால் பதிவு என்பது ஏற்கெனவே நடந்த தத்தை ஆவணமாக்குவது மட்டும்தான். கொடுத்தவருக்குக் கொடுக்கும் உரிமையே இல்லையென்றால், எவ்வளவு ஒழுங்காகப் பதிந்தாலும் அந்தத் தத்து செல்லாது. அது தெரியவருவது பல வருடம் கழித்து, யாரோ ஒருவர் பாகப்பிரிவினை வழக்குப் போடும்போது. அதற்குள் வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைதான் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அக்காவும் அவர் கணவரும் சாலை விபத்தில் இறந்துவிட்டார்கள். ஏழு வயதுப் பையன் திருநெல்வேலியில் அம்மா வழிப் பாட்டியிடம் வளர்கிறான். தாய்மாமன் கோவையில் இருக்கிறார். மனைவியும் பத்து வயதில் ஒரு மகளும் உண்டு. விபத்து இழப்பீடு பையன் பேரில் வங்கியில் வைப்புத்தொகையாக இருக்கிறது. அப்பா விட்டுப்போன வீட்டில் அவனுக்குப் பங்கு இருக்கிறது. அப்பா வழித் தாத்தா உயிருடன் இருக்கிறார். சொந்தமாகச் சம்பாதித்த நிலம் வைத்திருக்கிறார். மாமன் பையனைத் தத்தெடுக்க விரும்புகிறார், பாட்டிக்கும் முழுச் சம்மதம். இந்துக் குடும்பம் என்பதால் 1956-ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் பொருந்தும். பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் அதே சட்டம்தான்.

பாட்டி தானாகக் கொடுக்க முடியாது

பாட்டி கொடுக்க, மாமன் வாங்க, பத்திரம் பதிவாகிறது. முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். அந்தச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி குழந்தையைத் தத்துக் கொடுக்கும் உரிமை, பெற்ற தந்தைக்கும் தாய்க்கும்தான் உண்டு. ஒருவர் கொடுத்தால் மற்றவர் சம்மதம் வேண்டும். இருவருமே இல்லாதபோது காப்பாளர், அதாவது கார்டியன், நீதிமன்றத்தின் முன் அனுமதி பெற்றுக் கொடுக்கலாம். காப்பாளர் என்றால் குழந்தையைப் பராமரித்து வருபவர்; பெற்றோரின் உயிலில் நியமிக்கப்பட்டவரும் நீதிமன்றம் நியமித்தவரும் இதில் அடங்குவார்கள். பையனை வளர்க்கும் பாட்டி இந்த வரையறைக்குள் வந்தாலும், நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் அவனைக் கொடுக்க முடியாது. அவரது பாசத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் அனுமதி இல்லாமல் பத்திரத்தில் அவர் போடும் கையெழுத்துக்குச் சட்டத்தில் பலமில்லை.

பாதுகாப்பான வரிசை இப்படி இருக்கும். முதலில் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் கீழ் பாட்டி தன்னைக் காப்பாளராக நியமிக்கக் கோரி மனுப் போடுவது நல்லது. வக்கீல்கள் இதை ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். அந்த உத்தரவு வந்தபிறகு, தத்துக் கொடுக்க அனுமதி கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக மனு. இது குழந்தைக்கு நன்மையா, பணம் எதுவும் கைமாறுகிறதா என்று நீதிபதி பார்ப்பார். வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்ப குழந்தையின் விருப்பத்தையும் கேட்பார். அனுமதி வந்தபிறகே கொடுத்து வாங்குவதும் பத்திரமும். காப்பாளர் தனக்கே தத்தெடுத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. இருந்தாலும் பாட்டி காப்பாளராக இருந்து மாமனுக்குக் கொடுப்பதே தெளிவானது என்பேன். கொடுப்பவரும் வாங்குபவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் பின்னால் கேள்வி குறைவு.

மனுவை எங்கே போடுவது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். மாமன் வீடு கோவையில் என்பதற்காகக் கோவையில் போடக் கூடாது. குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம். இந்தப் பையனுக்குத் திருநெல்வேலி. அப்புறம், அப்பா வழித் தாத்தாவை மனுவில் காட்டாமல் விடுவது. சண்டை வரும் என்று பயந்து செய்கிறார்கள். மனுவில் நெருங்கிய உறவினர்களின் விவரம் இருக்க வேண்டும் என்பது சட்டம். மறைத்து வாங்கிய உத்தரவை அவர் பிறகு வந்து எதிர்த்தால், நீதிமன்றத்திடம் மறைத்தவர் என்ற பெயரோடுதான் பாட்டி பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வளர்ப்பது தத்து ஆகாது

பள்ளியில் இனிஷியலை மாற்றியாயிற்று, ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது, ஆதாரில் முகவரி மாறிவிட்டது, இனி என்ன வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெற்றோரை இழந்து, தாயின் சகோதரி வீட்டில் வளர்ந்த ஒரு பெண். பள்ளி ஆவணங்களில் வளர்த்தவர்கள்தான் பெற்றோர் என்று இருந்தது. வளர்த்தவர் இறந்தபின் சொத்தில் பங்கு கேட்டபோது, கொடுத்து வாங்கிய நிகழ்வையும் வளர்த்தவரின் மனைவி சம்மதித்ததையும் அவரால் நிரூபிக்க முடியவில்லை. வழக்கில் தோற்றார்.

ஹோமம் கட்டாயமில்லை. ஆனால் கொடுப்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்குக் குழந்தை தத்தாக மாறும் அந்த நிகழ்வு உண்மையிலேயே நடந்திருக்க வேண்டும். எந்த நாளில், எங்கே, யார் முன்னிலையில் என்று பத்திரத்தில் எழுத வேண்டும். தத்தெடுப்பவரின் வாழ்க்கைத்துணை சம்மதிக்கிறார் என்ற வரியும் கையெழுத்தும் தவறாமல் இருக்க வேண்டும். பக்கத்தில் நின்றிருந்தார் என்பது சம்மதமாகாது. பதிவான பத்திரத்தில் கொடுத்தவர், வாங்கியவர் இருவர் கையெழுத்தும் இருந்தால், தத்து சட்டப்படி நடந்தது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். வாங்கியவர் மட்டும் கையெழுத்திட்ட பத்திரத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுத்துவிடவும் வேண்டும்.

வேறு சில நிபந்தனைகளையும் பத்திரம் எழுதும் முன்பே பார்க்க வேண்டும். மகன் இருப்பவர் இந்தச் சட்டத்தில் இன்னொரு ஆண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. மகள் இருப்பவர் பெண் குழந்தையை எடுக்க முடியாது. நம் மாமனுக்கு இருப்பது மகள் என்பதால் தடையில்லை. குழந்தைக்குப் பதினைந்து வயது முடிந்திருக்கக் கூடாது, வழக்கம் இருந்தாலொழிய. ஆண் ஒருவர் பெண் குழந்தையையோ, பெண் ஒருவர் ஆண் குழந்தையையோ எடுத்தால் 21 வயது வித்தியாசம் வேண்டும். அக்கா மகனைத் தத்தெடுக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், அது பழைய சாஸ்திர விதி. 1956 சட்டத்தில் அந்தத் தடை இல்லை.

மகன் இருப்பவருக்கும், முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வழி தருகிறது. மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையமான காராவின் இணையதளத்தில் உறவினர் தத்தெடுப்பு என்று பதிந்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் இல்லாவிட்டால் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதியும், ஐந்து வயது முடிந்த குழந்தையென்றால் அதன் சம்மதமும் தேவை. 2022 செப்டம்பரிலிருந்து உத்தரவு போடுவது நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர். இங்கே தவறு நடப்பது ‘உறவினர்’ என்பதில். சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா, இருவழித் தாத்தா பாட்டி ஆகியோர் மட்டுமே அந்த வரையறைக்குள் வருவார்கள். ஒன்றுவிட்ட அண்ணன் வரமாட்டார்.

தத்தா, காப்பாளரா?

இதை யோசிக்காமல் தத்துக்கு ஓடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. தத்து முடிந்த நாளிலிருந்து பையனுக்கும் பிறந்த குடும்பத்துக்கும் சட்ட உறவு அறுந்துவிடும். ஏற்கெனவே அவனுக்கு வந்துவிட்ட வைப்புத்தொகையும் அப்பா வீட்டில் உள்ள பங்கும் அவனோடு வரும். ஆனால் அப்பா வழித் தாத்தா நாளை உயில் எழுதாமல் இறந்தால், முன்பே இறந்த மகனின் மகன் என்ற முறையில் அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பங்கு கிடைக்காது. தாத்தா அவன் பேரில் உயில் எழுதினால் மட்டுமே உண்டு. முறையாக நடந்த தத்தை ரத்து செய்யவும் முடியாது.

பள்ளியில் சேர்க்க, மருத்துவமனையில் கையெழுத்துப் போட, பணத்தைப் பராமரிக்க ஒருவர் வேண்டும் என்பதுதான் தேவையென்றால் காப்பாளர் உத்தரவே போதும். இந்தக் குடும்பத்தில் தாத்தா உயில் எழுத மறுத்தால், மாமனைக் காப்பாளராக நியமிக்கச் சொல்வதையே நான் பரிந்துரைப்பேன். பையன் மாமன் வீட்டிலேயே வளரலாம், தாத்தா சொத்தில் உரிமையும் போகாது. மாமன் சொத்தில் ஏதாவது கொடுக்க நினைத்தால் அதற்கு மாமன் உயில் எழுதிவிடலாம்.

மனுவில் ‘குழந்தைக்கும் சொத்துக்கும்’ காப்பாளர் என்று இரண்டையும் கேட்க வேண்டும். ஆளுக்கு மட்டும் உத்தரவு வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போனால், வைப்புத்தொகையைத் தொட விடமாட்டார்கள், திரும்ப நீதிமன்றம் ஏற வேண்டியதுதான். உத்தரவு கையில் இருக்கிறது என்று வீட்டுப் பங்கை விற்பதும் தவறு. விற்க, அடமானம் வைக்க, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விட ஒவ்வொரு முறையும் தனி அனுமதி தேவை. அனுமதியில்லாத விற்பனையை, பதினெட்டு வயது நிறைந்தபின் மூன்று வருடத்துக்குள் பையன் வழக்குப் போட்டு ரத்து செய்ய முடியும். எந்த நியமனமும் இல்லாத உறவினர் விற்றால் நிலைமை இன்னும் மோசம். மைனரின் சொத்தில் கைவைக்க அவருக்கு அதிகாரமே கிடையாது.

பிறப்புச் சான்றிதழ்

தங்கைக்குப் பிறக்கப்போகும் குழந்தையை அக்காவுக்குத் தருவது என்று முன்பே பேசிவைத்து, மருத்துவமனையில் அக்கா பெயரிலேயே சேர்த்துப் பிறப்பைப் பதிவது சில வீடுகளில் நடக்கிறது. இது பொய்த் தகவல், குற்றம். தத்து நடந்ததற்கு எந்தச் சான்றும் இல்லாமல் போவதோடு, ஒரு மரபணுப் பரிசோதனையில் சான்றிதழே சந்தேகத்துக்குள்ளாகும். பிறந்தபடியே பதிந்து, பிறகு முறையாகத் தத்தெடுத்து, பெற்றோர் பெயரை மாற்றுவதுதான் வழி.

மாற்றம் கேட்க வேண்டியது பிறப்பு பதிவான இடத்துப் பதிவாளரிடம், நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரில் அல்ல. பதிவான பத்திரத்தின் சான்றிட்ட நகல், நீதிமன்ற அனுமதி, பழைய பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் இறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டும். இதை முதலில் முடித்துவிட்டு, அந்தச் சான்றிதழை வைத்துப் பள்ளி, ஆதார், பாஸ்போர்ட் என்று போவது நல்லது. பள்ளிப் பெயரை முதலில் மாற்றிவிட்டால் இரண்டு ஆவணங்களில் இரண்டு அப்பா பெயர் இருக்கும். பாஸ்போர்ட் விண்ணப்பம் பெரும்பாலும் அங்கேதான் நின்றுபோகிறது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்பதால், இந்த வரிசையை அவர்கள் விஷயத்தில் தவறவிடவே கூடாது.