சென்னையில் இறங்கி காரைக்குடி போய்ச் சேர ஐந்து பேருக்கு எவ்வளவு ஆகும்?

ரங்கூனிலிருந்து ஊருக்குப் போகிற நம்மவர்கள் சென்னை வரைக்கும் உள்ள விமான டிக்கெட்டை ஆறு மாதம் அலசுவார்கள், யார் யாரிடமோ விசாரிப்பார்கள், ஆனால் சென்னையிலிருந்து ஊர் போகிற 400 கிலோமீட்டரை "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். கையில் இருந்த பணம் அங்கேதான் போனது.

முதல் தடவை குடும்பத்தோடு போனபோது நான், மனைவி, அம்மா, பத்து வயது மகள், நாலு வயது மகன் என்று ஐந்து பேர். அம்மாவுக்கு மூட்டுவலி இருந்ததால் சென்னையில் இறங்கியதும் திருச்சிக்கு உள்நாட்டு விமானம் பிடித்துவிடலாம் என்று தனியாக டிக்கெட் போட்டிருந்தேன். ஆளுக்கு ஏறக்குறைய 3,500 ரூபாய். மகனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டதால் அவனுக்கும் முழு டிக்கெட். மொத்தம் 17,500 ரூபாய். நேரம் மிச்சம், அம்மாவுக்கும் சிரமம் இல்லை என்று நினைத்தேன்.

கவுன்டரில் பெட்டிகளைத் தராசில் வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. ரங்கூனில் ஆளுக்கு 20 கிலோ அனுமதி, ஐந்து பேருக்கு 100 கிலோ கொண்டுவந்திருந்தோம். உள்நாட்டு டிக்கெட்டில் ஆளுக்கு 15 கிலோதான், ஐந்து பேருக்கு 75. மீதி 25 கிலோவுக்கு, கிலோ ஒன்றுக்கு 500 ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். அம்மா தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, அத்தைக்கென்று தானே வறுத்து அடைத்த பாலாச்சாங் பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். அந்த எண்ணெய் வாசம் வரிசை முழுக்கப் பரவியது. கைப்பைக்கு மாற்றவும் வழியில்லை, எண்ணெய்ப் பாட்டிலைச் சோதனையில் விடமாட்டார்கள். கடைசியில் எல்லாவற்றையும் திரும்ப வைத்துப் பணத்தைக் கட்டினேன், 12,500 ரூபாய்க்குக் குறையவில்லை. அப்புறம் திருச்சி விமான நிலையத்திலிருந்து காரைக்குடிக்கு 90 கிலோமீட்டர் வாக்கில், பெரிய டாக்சி 3,000 ரூபாய். காத்திருந்த நேரத்தில் விமான நிலையத்துக் கடையில் தோசையும் காபியும் ஒரு 1,500. ஆக மொத்தம் 34,500.

அதனால் விமானத்தில்தான் போகவேண்டும் என்றால் உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாக வாங்காதீர்கள். ரங்கூனிலிருந்து திருச்சி அல்லது மதுரை வரைக்கும் ஒரே பதிவில் எடுத்தால் பெரும்பாலும் வெளிநாட்டுப் பயண எடையே கடைசி வரை செல்லும், வாங்கும்போதே டிக்கெட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி எடுத்தாலும் சென்னையில் பெட்டியை எடுத்துச் சுங்கச் சோதனை முடித்துத் திரும்பவும் போடவேண்டியிருக்கும், அதற்கு நேரம் விட்டுவையுங்கள். இன்னொரு வழி, சென்னைக்கே போகாமல் கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாக நேரே திருச்சியில் இறங்குவது. புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கம் ஊர் உள்ளவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். ஆனால் இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், நடுவில் அந்த நாட்டுக்குள் நுழைந்து பெட்டியை எடுக்கவேண்டி வரலாம், விசா கேட்பார்கள்.

ரயிலுக்கு வருவோம். காரைக்குடிக்குப் பகலில் போக பல்லவன் எக்ஸ்பிரஸ், எழும்பூரிலிருந்து மதியம் மூன்றே முக்கால் வாக்கில் கிளம்பி இரவு பத்தரை வாக்கில் சேரும். ராமேஸ்வரம் போகிற ரயில்களும் காரைக்குடி வழியாகப் போகின்றன, ஆனால் அவை நடுச்சாமத்திலோ அதற்குப் பிறகோ இறக்கிவிடும், வயசான ஆளோடும் குழந்தைகளோடும் அந்த நேரத்தில் ஆட்டோ தேடுவது கஷ்டம். பல்லவனில் ஏசி இருக்கை ஏறக்குறைய 600 ரூபாய். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம் என்பது உண்மைதான், ஆனால் ஆறேழு மணி நேரம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது, அவனுக்கும் ஓர் இருக்கை போட்டுவிடுங்கள். ஐந்துக்கு 3,000.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, ஏறுவதற்கு எழும்பூர் போகவேண்டாம். தாம்பரத்திலேயே ரயில் நிற்கும், விமான நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை. டிக்கெட் போடும்போதே ஏறும் நிலையம் தாம்பரம் என்று குறிப்பிட்டுவிடவேண்டும். எழும்பூர் என்று இருந்து நீங்கள் அங்கே ஏறவில்லை என்றால், பரிசோதகர் ஆள் வரவில்லை என்று எழுதி இருக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். தாம்பரத்துக்குப் பெரிய கார் 600, போர்ட்டர் 300, காரைக்குடியில் இரண்டு ஆட்டோ 400. பெட்டிக்குத் தனிக் காசு கிடையாது, ஏசி இருக்கைக்கு ஆளுக்கு 40 கிலோ வரை விடுவார்கள். சாப்பாடு 700 போதும். தாம்பரத்தில் ஏறும் முன்பே எலுமிச்சைச் சாதமும் இட்லியும் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள், ரயிலில் டீயும் வடையும் வரும், ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதை நம்பவேண்டாம். மொத்தம் 5,000 ரூபாய்.

ஆனால் ரயில் டிக்கெட் 60 நாளைக்கு முன்புதான் திறக்கும், பொங்கல், தீபாவளி நேரம் என்றால் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அவசரத்துக்கு இருக்கிற தட்கல் டிக்கெட்டை இணையத்தில் எடுக்க இப்போது ஆதார் இணைத்த கணக்கு வேண்டும், நம்மிடம் அது இருக்காது. ஊரில் இருக்கும் மாமனோ சித்தப்பாவோ அவர்கள் கணக்கில் எடுத்துத் தரட்டும், பெயரும் வயதும் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி சரியாக அனுப்புங்கள், ரயிலில் பாஸ்போர்ட்டைத்தான் காட்டப்போகிறீர்கள்.

விமானம் தரையிறங்குவதற்கும் ரயிலுக்கும் நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள். நீங்கள் சாயங்காலம் இறங்குகிறீர்கள் என்றால் பல்லவன் போயிருக்கும், அப்போது பஸ்தான் சரி. லாட்ஜில் தங்கி மறுநாள் ரயில் பிடிப்பதற்கு ஆகிற 3,000 ரூபாயை ரயில் கணக்கோடு கூட்டினால் ரயில் பஸ்ஸைத் தாண்டிவிடும்.

தென்மாவட்டப் பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்துதான் கிளம்புகின்றன. பழைய நினைவில் கோயம்பேடு போய்விடாதீர்கள், அது எதிர்த்திசை. விமான நிலையத்திலிருந்து கார் 900 ரூபாய் வரும். தனியார் ஏசி ஸ்லீப்பர் சாதாரண நாளில் ஒரு படுக்கை 1,100 வாக்கில். இருவர் படுக்கையாக இரண்டு எடுத்தால் சின்னப் பிள்ளையை நடுவில் போட்டுக்கொள்ளலாம், ஆக 4,400. சாப்பாடு, தண்ணீர் 600, டிக்கியில் பெட்டி ஏற்றுகிற பையனுக்கு 200, ஊரில் ஆட்டோ 300. மொத்தம் 6,400. பண்டிகைக்கு முந்தின ராத்திரி தனியார் கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல் போகும், அரசு விரைவுப் பஸ்ஸில் அப்படி ஏறாது, அதனால் அந்த நாட்களில் அதைத்தான் முதலில் பாருங்கள்.

பஸ்ஸில் எனக்குப் பயம் காசைப் பற்றி இல்லை, கழிப்பறையைப் பற்றித்தான். ராத்திரி ஒரே ஒரு இடத்தில்தான் நிறுத்துவார்கள், அதுவும் நெடுஞ்சாலை ஓட்டலில். அங்கே பரோட்டாவும் விலை கூட, கழிப்பறையும் சுத்தமாக இருக்காது. எங்கள் அம்மா அதற்குப் பயந்து மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து, காலையில் இறங்கும்போது தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். மேல் படுக்கைக்கு அவரால் ஏறவும் முடியவில்லை. வயசானவர் கூட வந்தால் கீழ்ப் படுக்கை கிடைக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். டிரைவரிடம் ஏறும்போதே, "அண்ணே, அம்மா கூட வர்றாங்க, நடுவுல ஒரு தடவை நிறுத்துங்க" என்று சொல்லிவையுங்கள், பெரும்பாலும் நிறுத்துவார்கள்.