ஒரு கேம்பைனின் ரிசல்ட்டை போர்ட்ஃபோலியோவில் வைப்பது எப்படி?

மார்க்கெட்டிங் வேலைக்கு வரும் போர்ட்ஃபோலியோக்களில் பெரும்பாலும் ஒரு பக்கம் நிறைய போஸ்டர்கள் இருக்கும், இன்னொரு பக்கம் பெரிய பெரிய எண்கள் இருக்கும். எந்தப் போஸ்டர் எந்த எண்ணைக் கொண்டுவந்தது என்றுதான் தெரியாது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்து வைப்பதைப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு, டேலி கற்றுத்தரும் ஒரு பயிற்சி மையத்துக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் லீட் விளம்பரம் ஓட்டினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செலவு 60,000 ரூபாய், காலம் 30 நாள். ஒரு விளம்பரம் கட்டண விவரம் போட்ட போஸ்டர். இன்னொன்று படித்து முடித்த மாணவர் பேசும் 30 விநாடி வீடியோ. எண்கள் கணக்குக்காக நான் போட்டவை.

1. முதலில் வேலை என்னவென்று ஒரு வரியில் எழுதுங்கள்

"ஜூன் பேட்சுக்கு ஆள் சேர்க்க வேண்டும், 60,000 ரூபாய், 30 நாள்." இது போதும். இந்த வரி இல்லாமல் 300 லீட் வந்தது என்று சொன்னால், அது அதிகமா குறைவா என்று படிப்பவரால் சொல்ல முடியாது.

2. எண்களை விளம்பர வாரியாக எடுங்கள்

Ads Manager-இல் Campaigns பகுதியோடு நிற்காமல் Ads பகுதிக்குப் போங்கள். தேதியைக் கேம்பைன் ஓடிய நாட்களுக்கு மட்டும் மாற்றுங்கள். செலவு, லீட், ஒரு லீட்டுக்கான செலவு ஆகிய மூன்றும் இங்கே கிடைக்கும்.

நான்காவது எண் இங்கே இருக்காது. எத்தனை பேர் பணம் கட்டிச் சேர்ந்தார்கள் என்பது மையத்தின் அட்மிஷன் பதிவேட்டில்தான் இருக்கும். லீட் பட்டியலில் உள்ள போன் எண்களை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாவிட்டால் தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். பாருங்கள்:

| | போஸ்டர் | வீடியோ |
|---|---|---|
| செலவு (ரூ.) | 30,000 | 30,000 |
| லீட் | 180 | 120 |
| ஒரு லீட்டுக்கு (ரூ.) | 167 | 250 |
| சேர்ந்தவர்கள் | 9 | 15 |
| ஒரு சேர்க்கைக்கு (ரூ.) | 3,333 | 2,000 |

லீட் வரை பார்த்தால் போஸ்டர்தான் மலிவு. சேர்க்கை வரை பார்த்தால் நிலைமை தலைகீழ். ஃபேஸ்புக்கின் படிவத்தில் பெயரும் எண்ணும் தானாகவே நிரம்பிவிடுவதால், சும்மா தட்டிவிட்டுப் போகிறவர்களும் லீட்டாகிவிடுவார்கள். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டு விளம்பரத்தையும் ஒரே ஆட் செட்டில் போட்டால், மெட்டா தனக்கு மலிவாக லீட் தரும் விளம்பரத்துக்கே பெரும்பகுதிப் பணத்தைத் தள்ளிவிடும். செலவு சமமாக இல்லையென்றால் அதை அப்படியே எழுதுங்கள். 9, 15 என்பவை சின்ன எண்கள் என்பதையும் ஒரு வரியில் ஒப்புக்கொள்ளுங்கள். "வீடியோதான் சிறந்தது" என்று எழுதாமல், "இந்த பேட்சில் வீடியோ வழியாக வந்தவர்கள் அதிகம் சேர்ந்தார்கள்" என்று எழுதினால் அனுபவசாலி நம்புவார்.

3. கிரியேட்டிவுக்கு லிங்க் கொடுங்கள்

பலர் மெட்டாவின் Ad Library லிங்க்கை ஒட்டிவிடுகிறார்கள். இந்தியாவில் சாதாரண வணிக விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் அங்கே தெரியும். நிறுத்தியதும் லிங்க்கில் ஒன்றும் இருக்காது. அதனால் ஃபைலை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவை யூடியூபில் Unlisted ஆகவும், போஸ்டரை டிரைவிலும் போடலாம். கம்பெனி அக்கவுன்ட் டிரைவ் வேண்டாம், வேலை மாறினால் அதுவும் போய்விடும்.

ஃபைல் பெயர் அட்டவணையில் உள்ள பெயரோடு ஒத்துப்போகட்டும்:

```
tally_june_A_poster.png
tally_june_B_video30s.mp4
```

லிங்க்கை அட்டவணைத் தலைப்பிலேயே வையுங்கள். "வீடியோ" என்ற சொல்லைத் தட்டினால் வீடியோ திறக்க வேண்டும். பக்கத்தின் அடியில் தனி கேலரி போட்டால் எண்ணும் படமும் மறுபடி பிரிந்துவிடும். அப்புறம், வீடியோவைத் தயாரித்தது வேறொருவர் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்: "ஸ்கிரிப்ட் நான், எடிட்டிங் வேறொருவர்."

4. அனுமதி வாங்குங்கள்

கிளையன்டிடம் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் பதில் இருந்தாலும் சரி. வீடியோவில் பேசும் மாணவரிடமும் கேட்க வேண்டும். செலவுத் தொகையை வெளியில் சொல்லக்கூடாது என்றால், "வீடியோவில் ஒரு சேர்க்கைக்கான செலவு போஸ்டரைவிட 40 சதவீதம் குறைவு" என்று ஒப்பீடாக எழுதலாம். தொகையைச் சொல்லாமலே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதிலேயே புரிந்துவிடும்.

5. அனுப்பும் முன் சோதியுங்கள்

டிரைவில் ஃபைல் முதலில் Restricted என்றுதான் இருக்கும். அதை Anyone with the link என்று மாற்றி, Viewer என்று வையுங்கள். பிறகு இன்காக்னிடோ விண்டோவில் எல்லா லிங்க்கையும் திறந்து பாருங்கள். உங்கள் சொந்த லாகினில் பார்த்தால் எல்லாமே திறக்கும், அதை நம்ப முடியாது. Ads Manager ஸ்கிரீன்ஷாட் வைத்திருந்தால் அக்கவுன்ட் எண்ணையும், லீட் பட்டியல் தெரிந்தால் அதிலுள்ள போன் எண்களையும் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்துவிடுங்கள்.