ஆளைப் பார்த்துத் தட்டை எடுக்கும் பழக்கம்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்கு உள்பக்கமாக நிற்கத் தொடங்கி எனக்கு 22 வருடமாகிறது. இந்த மாதம் புதிதாக இரண்டு பொடியன்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். வாசலில் ஆள் தலை தெரிந்ததுமே ஒருவன் மற்றவனின் காதுக்குள் சொல்கிறான்: "வெளிநாடு." "தோட்டக்காரர்." "சும்மா பாக்க வந்தவை." அதே இடத்தில் நின்று அதே மாதிரிச் சொன்னவன்தான் நானும். வந்தவரிடம் முகம் சுளிக்காதே, போனை நோண்டாதே என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதைச் சொல்ல நான் தேவையில்லை.

## ஊகித்தபடி தட்டை எடுப்பது

இது எனக்கு நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வரும்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம், நல்லூர்த் திருவிழாக் காலம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா தனியாக வந்தார். வெளிறிய நூல் சேலை, ரப்பர் செருப்பு, கையில் மடித்த சொப்பிங் பை. குதிக்கால் வெடிப்பில் செம்மண் ஏறியிருந்தது. அந்தச் செம்மண்ணைக் கண்டதுமே நான் முடிவெடுத்துவிட்டேன்: கூலிக்குத் தோட்டத்தில் நிற்பவர். வாயைத் திறக்கமுதலே அரைப் பவுண் தோட்டுத் தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். ஒரு சோடியைத் தெரிந்தெடுத்து, காசை எண்ணித் தந்துவிட்டுப் போனார். எனக்கு ஒரே புளுகம். கண் பார்த்த உடனேயே கணித்துவிட்டேனே!

மூன்று கிழமை கழித்து முதலாளி ஒரு கலியாணவீட்டுக்குப் போய்வந்து என்னைக் கூப்பிட்டார். அந்த அம்மா மாப்பிள்ளையின் தாய். மருமகளுக்குப் போட்ட தாலிக்கொடி 11 பவுண். எங்கள் கடைக்கு எதிர்க்கடையில் செய்தது. "அந்தத் தம்பி தோடுதான் எடுத்துக் காட்டினவர். இஞ்ச கொடி செய்யிறேல்லையாக்கும் எண்டு நினைச்சன்" என்று அவர் முதலாளியிடம் சொன்னாராம், கோபமே இல்லாமல். பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். காலில் இருந்த செம்மண் பொய் இல்லை. ஆனால் செம்மண் ஒருவர் தோட்டத்துக்குள் நின்றதைத்தான் சொல்லும், தோட்டம் ஆருடையது என்று சொல்லாது. அது அவருடைய தோட்டம்.

ஒரு பவுண் 8 கிராம். 88 கிராம் விற்றிருக்க வேண்டிய இடத்தில் 4 கிராம் விற்றேன். ஆனால் என்னை அரிப்பது அந்தக் கணக்கு அல்ல. அந்த மூன்று கிழமையும் இந்த ஊகத்தை நான் சரியென்றே எண்ணிக்கொண்டு திரிந்தேன். முதலாளி அந்தக் கலியாணத்துக்குப் போகாமல் விட்டிருந்தால் இன்றைக்கும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருப்பேன்.

புதுப் பொடியன்களுக்கு விளங்காத இடம் இதுதான். நாம் ஊகித்தபடி தட்டை எடுக்கிறோம். தட்டில் இருப்பதிலிருந்துதான் அவர் எடுக்க முடியும். அவர் சின்னதாக ஒன்றை எடுத்ததும், "பாத்தியே, சொன்னன்" என்கிறோம். ஒன்றும் எடுக்காமல் போனாலும், "சும்மா பாக்க வந்த ஆள்" என்று அதுவும் நம் பக்கமே சேர்ந்துவிடுகிறது. பிழையாகக் கணிக்கப்பட்டவர் திரும்பி வந்து, "தம்பி, நீ என்னைப் பிழையா மதிச்சிட்டாய்" என்று சொல்வதில்லை. பேசாமல் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அதனால் 20 வருடம் நின்றவருக்கும் தன் கண் தவறாது என்ற நம்பிக்கை மட்டும் வளர்ந்துகொண்டே போகும், கண் கூராகாமலே.

## ஒரு கதை கேட்டுத் தலைகீழாக மாறுவது

கொடிக் கதையைச் சொன்னதும் மூத்த பொடியன், "அப்ப பழைய உடுப்போட வாறவைதான் காசுக்காரர், என்ன அண்ணை?" என்றான். இந்தக் கிணற்றிலும் நான் விழுந்து எழும்பியவன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சாரத்தோடு ஒருவர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் உசாராகிக் கதிரை போட்டு, சோடா எடுப்பித்து, கொடிப் பெட்டிகளைத் திறந்து வைத்தேன். அவர் சேட் பொக்கற்றிலிருந்து கடதாசிச் சுருள் ஒன்றை எடுத்தார். உள்ளே மகளின் தோடு. "நான் விக்க வந்தனான், தம்பி." அந்தப் பிள்ளை கொடிப் பெட்டியைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மிலான் நகரத்தில் ஆடம்பரக் கடைகளில் வேலை செய்யும் பெண்களிடமும் புகையிரத நிலையத்தில் நின்ற பெண்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கடைக்கு வருகிற ஒரு பெண் எவ்வளவு அந்தஸ்து உள்ளவர்? சிலரிடம் அவர் உடற்பயிற்சி உடுப்போடு வருவதாகவும், மற்றவர்களிடம் ரோமக் கோட்டோடு வருவதாகவும் சொன்னார்கள். நிலையத்தில் நின்றவர்கள் கோட்டுக்காரியை உயர்வாக மதித்தார்கள். கடைக்காரர் உடற்பயிற்சி உடுப்புக்காரியைத்தான் உயர்வாக மதித்தார்கள். இதைப் பலர் கடைக்காரரின் கெட்டித்தனமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவை கற்பனை ஆட்கள், வாங்கினார்களா இல்லையா என்று ஒத்துப்பார்க்க வழியே இல்லை. கடைக்காரரும் உடுப்பை வைத்துத்தான் சொன்னார்கள், திசையை மாற்றி.

## கழுத்தில் நகை இல்லையே என்று பார்ப்பது

இல்லாததால்தானே கடைக்கு வருகிறார்கள்.

## ஊரைக் கண்டுபிடித்த மாதிரிப் பேசுவது

அரைக் காற்சட்டையும் முதுகுப் பையுமாக வந்தவரோடு பொடியன் ஆங்கிலத்தில் தொடங்கினான். அவர், "நான் கொக்குவில், தம்பி. குளிக்கிற இடத்தால நேர வாறன்" என்றார். இது சிரித்துவிட்டுப் போகும் விஷயம்.

இன்னொன்று அப்படியல்ல. தாடியும் தொப்பியுமாக வந்த பெரியவரிடம், "ஐயா புத்தளமோ?" என்று கேட்டுவிட்டான். "புத்தளத்தில இருந்தனாங்கள்" என்றார் அவர். "ஊர் ஐந்து சந்தி." 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம்களை வெளியேற்றியபோது பலர் போய்ச் சேர்ந்த இடம் புத்தளம். ஐந்து சந்தி எங்கள் கடையிலிருந்து நடந்து போகிற தூரம். தன் சொந்தப் பட்டணத்தில் நிற்பவரை வெளியூர் ஆளாக்கிவிட்டான் பொடியன், அதுவும் அன்பாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு.

## திருவிழாக் காலத்தில் ஊகிப்பது

நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் மேலுடம்பில் துணியில்லாமல்தான் போக வேண்டும். அங்கிருந்து நேரே வருபவரிடம் வேட்டியும் திருநீறும்தான் இருக்கும். மேசனா, வங்கி முகாமையாளரா? முயற்சியே வேண்டாம்.

## "இனி உடுப்பைப் பார்க்கமாட்டேன்" என்று சத்தியம் செய்வது

நடக்காது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரே முகத்தை ஒருமுறை வசதியாகத் தெரியும் சட்டையோடும் ஒருமுறை சாதாரணச் சட்டையோடும் காட்டினார்கள். பார்க்கக் கிடைத்த நேரம் சில தடவை 129 மில்லிசெக்கன், அதாவது கிட்டத்தட்ட ஒரு செக்கனில் எட்டில் ஒரு பங்கு. நல்ல சட்டையோடு இருந்த முகமே திறமையான ஆளாகத் தெரிந்தது. உடுப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று சொல்லியும் அதே முடிவுதான் வந்தது.

ஆகவே கண்ணோடு சண்டை பிடிக்காமல் கையைக் கட்டுங்கள். எங்கள் கடையில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. ஆர் வந்தாலும் தட்டில் கை வைக்கமுதல் ஒரே கேள்வி: "ஆருக்குப் பாக்கிறியள்?" எவ்வளவுக்குள் என்று கேட்கக்கூடாது, அது ஆளை அளப்பது. ஆருக்கு என்று கேட்டால் மருமகளுக்கு, பேத்தியின் காதுகுத்துக்கு, இல்லை விற்க வந்தேன் என்று அவரே தொடங்குவார். காலில் செம்மண்ணோடு வந்த அந்த அம்மாவிடம் நான் கேட்டிருந்தால் இரண்டு சொல்லில் கொடி வந்திருக்கும்.

இரண்டாவது, ஆள் படி ஏறும்போதே மனதில் பட்டதைக் கொப்பியில் எழுதிவிட வேண்டும். போனபிறகு பக்கத்தில் உண்மையில் வந்த காரியத்தை எழுத வேண்டும். முதலில் எழுதாவிட்டால் பிறகு மனம் தனக்கு வசதியாக மாற்றிக்கொள்ளும். கேள்வியைக் கேட்காமல் எழுதுகிற கொப்பியாலும் பிரயோசனமில்லை, தட்டுத்தான் திரும்பவும் பதில் சொல்லும்.

நேற்றுப் பூட்டும் நேரம் மூத்த பொடியனின் கொப்பியைப் புரட்டினேன். கடைசி வரியில் இடப்பக்கம், "லண்டன். கொடி." வலப்பக்கம், "சுன்னாகம். தோட்டுச் சுரை துலைஞ்சு போச்சு."