ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் பிடித்தார்கள், திரும்ப வாங்கினேன்

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் காவடிக்கான பூஜைப் பொருட்களை ஆன்லைனில் 1,240 ரேண்டுக்கு வாங்கினேன், ஒரே தொகைக்கு வங்கியிலிருந்து இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. அதை மட்டும் வைத்துக் கடையோடு சண்டைக்குப் போகக் கூடாது, ஏனென்றால் ஒன்று வெறுமனே நிறுத்திவைத்த தொகையாக இருக்கலாம், கடை அதைக் கோராவிட்டால் சில நாட்களில் வங்கியே விடுவித்துவிடும். அதனால் இரண்டும் நிலுவையிலிருந்து மாறும்வரை பொறுத்தேன். இரண்டுமே முடிந்த பற்றாக விழுந்தன, அங்கீகார எண்களும் வேறு வேறு. சரி, நிஜமாகவே இரண்டு முறை எடுத்திருக்கிறார்கள்!

ஆர்டர் உறுதிச் சீட்டையும் இரண்டு வரிகளும் தெரியும் ஸ்டேட்மென்டையும் கடைக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். கார்டு எண்ணில் கடைசி நான்கு இலக்கம் போதும், முழுதாக அனுப்பாதீர்கள். கடைக்கார அக்கா இரண்டு வரவையும் பார்த்துவிட்டு, கூடுதல் தொகையை அதே கார்டுக்குத் திருப்பினார். மறுத்திருந்தால், இதே ஆதாரங்களோடு வங்கியில் ஆட்சேபம் பதிந்திருப்பேன்.