காலையில் மட்டும் தப்பாக எண்ணிய கவுண்டர்

பழைய போர்டில் 74LS00 கேட்டின் அவுட்புட், 74HC161-இன் கிளாக்குக்குப் போனது. காலையில் ஸ்விட்ச் போட்டதும் கவுண்டர் கூடுதலாக எண்ணும், சூடேறினால் சரியாகிவிடும்.

டீகப்ளிங் கெபாசிட்டர்களை மாற்றினேன், சிப்பையும் மாற்றினேன். மூன்று நாள் வீண்.

ஸ்கோப்பில் ஹை 3.3 வோல்ட்தான். LS போன்ற TTL சிப்புகளுக்கு அது தாராளம். ஆனால் 5 வோல்ட்டில் HC கேட்பது 3.5. மார்ஜினே இல்லை, சிறு இரைச்சலும் கிளாக்காகிவிட்டது. LS-இன் ஹை சூட்டில் சற்று ஏறும், அதனால்தான் அந்தக் காலை நேரக் கூத்து.

ஹையை 5 வோல்ட் பக்கம் இழுக்க 10k புல்-அப் ரெசிஸ்டர் போட்டேன். ஏற்றம் மெதுவானதால் பயனில்லை. 2.2k போட்டதும் நின்றது. அது 2.3 மில்லியாம்பியர் தின்கிறது, அதாவது கேட் லோவில் தாங்கும் 8 மில்லியாம்பியரில் ஆறு LS இன்புட்டுக்கான பங்கு போச்சு. அப்புறம் TTL அளவு ஹையையே ஏற்கும் 74HCT161 போட்டுப் புல்-அப்பைக் கழற்றிவிட்டேன். சில நானோசெகண்ட் தாமதம் கூடும். என் 1 மெகாஹெர்ட்ஸ் கிளாக்குக்கு அது பொருட்டே இல்லை.