பாட்டியின் சமையல் நூலுக்குத் தலைப்பு வைக்கும் முறை

பாட்டியின் சமையல் குறிப்புகளைத் தொகுத்து முடித்தவர்களுக்கு முதலில் தோன்றும் தலைப்பு பெரும்பாலும் "பாட்டியின் கைமணம்" என்பதாகவே இருக்கும். அதில் அன்பு இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரு பாட்டி உண்டு என்பதால், கடைக்கு வந்தவருக்கு அது யாருடைய பாட்டி, எந்த ஊர்ச் சமையல் என்பது தெரிவதில்லை. மலேசியாவில் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழ்ந்த என் பாட்டியின் 64 குறிப்புகளுக்குத் தலைப்புத் தேடியபோது நான் கடைப்பிடித்த முறையை இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: பாட்டியின் வாய்ச்சொற்களைத் தொகுத்தல்

தலைப்பை யோசித்து உருவாக்குவதைவிட, பாட்டி பேசியதிலிருந்து எடுப்பதே நல்லது. அவர் சமைக்கும்போது பேசியதைக் கைப்பேசியில் பதிவு செய்து, அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். அளவு சொல்லும் சொற்களையும், பக்குவம் சொல்லும் சொற்களையும் முக்கியமாகக் கவனியுங்கள். என் தாளில் "எண்ணெய் பிரியட்டும்", "ஒரு கொதி வந்தா போதும்", "மூணு விரல் உப்பு" ஆகிய மூன்றும் பல முறை வந்திருந்தன. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றையும் சேர்த்து ஜாடியிலிருந்து எடுக்கும் உப்புதான் அவருடைய அளவு. அந்தக் கை என் கண்முன் வந்ததால் அதையே தேர்ந்தெடுத்தேன். காட்சியாகத் தெரியும் சொல், பண்பைப் புகழும் சொல்லைவிட மனத்தில் நன்றாகத் தங்குகிறது.

பேச்சுவழக்கை அப்படியே வைக்கலாமா என்பதில் எனக்குத் தயக்கம் இருந்தது. "மூணு" என்று சிலரும் "மூனு" என்று சிலரும் எழுதுவதால் இணையத்தில் தேடுபவர் நூலைத் தவறவிடக்கூடும். ஆகவே அட்டையில் "மூன்று விரல் உப்பு" என்று எழுதி, பாட்டியின் உச்சரிப்பை முன்னுரையில் காப்பாற்றினேன்.

இரண்டாம் படி: துணைத்தலைப்பு

இந்தத் தலைப்பை மட்டும் பட்டர்வொர்த்திலுள்ள என் அத்தையிடம் தொலைபேசியில் சொல்லி, என்ன நூலாக இருக்கும் என்று கேட்டேன். "சிறுகதையாப்பா?" என்றார். தலைப்பின் குறை அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. கடைக்காரரும் அவ்வாறே எண்ணினால் நூல் இலக்கிய அடுக்குக்குப் போய்விடும். ஆகவே உறவைத் தலைப்பும், பொருளைத் துணைத்தலைப்பும் சொல்ல வேண்டும். துணைத்தலைப்பில் "சமையல்" என்ற சொல்லும், எந்த இடத்துச் சமையல் என்பதும் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

இடப்பெயரில் கவனம் தேவை. நிபோங் திபால் பினாங்கு மாநிலத்தில்தான் இருக்கிறது. "பினாங்குச் சமையல்" என்று போட்டால் வெளியூர் வாசகரும் வாங்கக்கூடும். ஆனால் அந்தப் பெயரைப் பார்த்து வாங்குபவர் நாசி கண்டாரையும் பசம்பூரையும் எதிர்பார்த்துப் பக்கங்களைப் புரட்டுவார். என் பாட்டி சமைத்தவையோ கருவாட்டுக் குழம்பும், முருங்கைக்கீரைப் பொரியலும், நெத்திலிச் சம்பலும்தான். நூலில் இல்லாததை அட்டை வாக்களித்தால் வாங்கியவர் அடுத்தவருக்குப் பரிந்துரைக்க மாட்டார். ஆகவே "பினாங்குத் தோட்டத்து வீட்டுச் சமையல்" என்று முடிவு செய்தேன். "தோட்டத்து வீட்டு" என்னும் இரண்டு சொற்களும் அந்த எதிர்பார்ப்பைச் சரியான அளவுக்குச் சுருக்கிவிடுகின்றன. அதே தலைப்பைத் துணைத்தலைப்போடு மறுபடி சொன்னபோது, கருவாட்டுக் குழம்பு இருக்கிறதா என்று அத்தை கேட்டார்.

மூன்றாம் படி: முதுகுப் பட்டையில் எழுதிப் பார்த்தல்

அடுக்கில் நூலின் முதுகுதான் பெரும்பாலும் தெரியும். 160 பக்க நூலின் முதுகு சாதாரணத் தாளில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். அந்த அகலத்தில் ஒரு தாளை வெட்டித் தலைப்பை எழுதி, நான்கடி தள்ளி நின்று படியுங்கள். துணைத்தலைப்பை அங்கே திணிக்க வேண்டாம்; "சமையல்" என்ற ஒரு சொல்லை மட்டும் சிறிய எழுத்தில் சேர்த்தால் போதும்.

நான்காம் படி: தேடலும் பதிவும்

தலைப்பைத் தமிழிலும் ரோமன் எழுத்திலும் இணையத்தில் தேடி, அதே பெயரில் வேறு நூல் இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பில் "பாட்டி" இருந்தால் ரோமன் வடிவத்தை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். `paatti`, `patti`, `pati` என்று பலவாறு எழுதுவார்கள். கடைசி வடிவம் மலாயில் சாற்றைக் குறிக்கும் சொல், கெட்டித் தேங்காய்ப்பாலை `pati santan` என்பார்கள். "ஆயா" என்ற சொல்லிலும் சிக்கல் உண்டு. சில குடும்பங்களில் அது பாட்டி, சில குடும்பங்களில் பிள்ளை பார்த்துக்கொள்பவர்.

இவை முடிந்த பிறகே தேசிய நூலகத்தில் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்திலும் அட்டையிலும் நூலின் உள்ளே வரும் தலைப்புப் பக்கத்திலும் தலைப்பும் துணைத்தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒற்றெழுத்து ஒன்று விடுபட்டிருந்தாலும் அச்சுக்கு அனுப்பும் முன்பே திருத்திவிடுங்கள்.